நோட்டுப் போடும் புத்தி போகாத ஒரு வாத்தியாரின் பதில்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தேன். வீட்டில் உள்ள மின்சாதனங்களுக்கு நான் கோடு போட்டு வைத்திருக்கும் நோட்டின் ஒரு பக்கம். பொருள், வாங்கிய தேதி, பில் நம்பர், வாரண்டி முடியும் தேதி, சர்வீஸுக்குக் கூப்பிட வேண்டிய எண். அவ்வளவுதான். உடனே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. "ரிட்டயர்டு ஆனாலும் ரிஜிஸ்டர் போடுற புத்தி போகலையே" என்று ஒருவர். "மாமா, இதெல்லாம் கம்பெனி கம்ப்யூட்டர்லயே இருக்கும்" என்று ஒருவர். "கடைக்காரர் நமக்குத் தெரிஞ்சவர்தானே" என்று இன்னொருவர். சிரித்ததில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த மூன்று வாக்கியங்களும் தவறு. தவறான விடைக்கு மார்க் போட்டுப் பழக்கம் இல்லாததால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நடந்த கதை. எங்கள் தூரத்து உறவில் ஒரு வீடு. அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம், கடை பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம்.

பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தது. சீர் சாமான்களை ஆடித் தள்ளுபடியில் வாங்கினால் நாலு காசு மிச்சம் என்று, 2023 ஆகஸ்ட் 2, ஆடிப்பெருக்குக்கு முதல் நாள், கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் அப்பா ஃப்ரிட்ஜ் வாங்கினார். பெட்டி பிரிக்காமல் கூடத்து மூலையில் ஆறு மாதம் போல நின்றது. கல்யாணம் முடிந்து, சீர் வண்டியில் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலைப் பக்கம் உள்ள மாப்பிள்ளை ஊருக்குப் போனது. அங்கேதான் முதன்முதலாக ஸ்விட்ச் போட்டார்கள்.

2024 ஜூலை 24 அன்று ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. ஆடி மாதம் என்பதால் புதுப்பெண் தாய் வீட்டில் இருந்தாள். ஃப்ரிட்ஜ் மலையில், பில் அப்பாவின் பீரோவில், வாரண்டி அட்டை எங்கே என்று யாருக்கும் தெரியாது. மாமியார், "பொண்ணு வந்ததும் சொல்லிக்கலாம், போன தையிலதானே வந்துச்சு, இன்னும் வருஷம் ஆகலையே" என்று விட்டுவிட்டார். ஆடிப்பெருக்கு கழித்து, ஆகஸ்ட் 5 திங்கட்கிழமை அப்பா போன் செய்தார். பதில் வந்தது: "சார், ஆகஸ்ட் ஒண்ணாந்தேதியோட வாரண்டி முடிஞ்சிருச்சு."

நாலு நாள். பழுது வந்தபோது எட்டு நாள் பாக்கி இருந்தது. புகார் சொன்னபோது நாலு நாள் கடந்துவிட்டது. கேஸ் நிரப்ப, ஓட்டை அடைக்க, ஆள் வந்து பார்த்ததற்கு, மலை ஏறி வந்ததற்கு என்று மொத்தம் 4,600 ரூபாய் ஆனது. சம்பந்தி வீட்டில், "சீருக்குப் பழைய ஃப்ரிட்ஜ் கொடுத்துட்டாங்களோ" என்று ஒரு பேச்சு வந்ததே, அதற்கு விலை போட முடியாது.

இனி என் நோட்டின் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒவ்வொரு கட்டமும் நம் பணம் நழுவிப் போகிற ஒரு ஓட்டையின் பெயர்.

முதல் கட்டம், வாங்கிய தேதி. வாரண்டி என்றைக்குத் தொடங்குகிறது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "வீட்டுக்கு வந்த நாளில் இருந்து" என்பீர்கள். இல்லை. பொதுவாக பில்லில் உள்ள தேதியில் இருந்துதான். பொருள் பெட்டிக்குள் தூங்கினாலும் வாரண்டி தூங்காது. மேலே சொன்ன வீட்டில் ஒரு வருட வாரண்டியில் ஆறு மாதத்தைக் கூடத்து மூலை தின்றுவிட்டது. சீருக்கும் புதுமனைப் புகுவிழாவுக்கும் முன்கூட்டியே வாங்கி வைக்கிற நம் வழக்கத்தில் இது வீடு தவறாமல் நடக்கிறது. தள்ளுபடியில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து, அரை வருட வாரண்டியைக் கடைக்காரருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறோம். முன்கூட்டி வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் முன்பணம் கட்டி விலையை உறுதி செய்துகொள்ளுங்கள், பில்லையும் பொருளையும் கல்யாணத்துக்கு முந்திய வாரம் கொடுங்கள் என்று கேளுங்கள். சம்மதிக்கிற கடைகள் உண்டு. சம்மதிக்காவிட்டால் பெட்டியையாவது உடனே பிரித்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மூடி வையுங்கள்.

இரண்டாவது கட்டம், பில் நம்பர். "பில் இருக்கு" என்று நீங்கள் எடுத்து நீட்டுகிற தாளைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பாதித் தாள்களின் தலையில் 'எஸ்டிமேட்' என்று எழுதியிருக்கும். சிலவற்றில் அதுகூட இருக்காது, கடையின் பெயரே இருக்காது. "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், இப்படியே எடுத்துக்கிட்டா ஐநூறு குறைச்சுக்கலாம்" என்று சொல்வார்கள். அந்த ஐநூறு ரூபாய்க்கு நாம் விற்பது நம் வாரண்டியை. துண்டுத் தாளை எந்தக் கம்பெனியும் ஒப்புக்கொள்ளாது.

உண்மையான ஜிஎஸ்டி பில்லில் ஒரு வரிசை எண் இருக்கவேண்டும். விதிப்படி அது 16 எழுத்து எண்களுக்கு மேல் போகக்கூடாது. ஒரு நிதியாண்டுக்குள் அதே எண் அந்தக் கடையில் திரும்ப வரக்கூடாது. அடுத்த நிதியாண்டில் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கலாம். அதனால்தான் வெறும் எண்ணை மட்டும் குறித்து வைத்தால் போதாது என்கிறேன். எண், தேதி, கடையின் பெயர் மூன்றும் சேர்ந்தால்தான் அந்த பில்லைக் கடையின் கணக்கில் இருந்து மறுபடி எடுக்க முடியும். கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணும் பில்லில் இருக்கும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும். பில்லில் பொருளின் மாடலும் வரிசை எண்ணும், அதாவது சீரியல் நம்பரும், எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஃப்ரிட்ஜின் உள்பக்கத்திலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். இடம் மாறிப்போன பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

"கம்பெனி கம்ப்யூட்டர்லயே இருக்கும்" என்ற மருமகனுக்கு இங்கேதான் பதில். கம்ப்யூட்டரில் பல நேரம் இருப்பது அந்தப் பொருள் தயாரான தேதியும் கடைக்கு அனுப்பிய தேதியும்தான். நீ வாங்கிய தேதியை யாராவது பதிந்திருந்தால்தான் அதில் இருக்கும். பில்லைக் காட்ட முடியாவிட்டால் தயாரித்த தேதியில் இருந்து வாரண்டியைக் கணக்குப் போடுவோம் என்று பல கம்பெனிகள் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. கடைக் கிடங்கில் எட்டு மாதம் கிடந்த பொருளுக்கு உனக்கு மிச்சம் நாலு மாதம்.

இன்னொன்று. வழவழப்பான தாளில் அச்சடித்துத் தருகிறார்களே, அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டாலும், வெயில் பட்டாலும், எண்ணெய்க் கை பட்டாலும் எழுத்து மங்கி, ஒரு வருடத்திலேயே வெள்ளைத் தாள் ஆகிவிடலாம். "பத்திரமா இருக்கட்டும்" என்று அதை லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனவரும் உண்டு. அந்த இயந்திரத்தின் சூட்டில் தாள் முழுதும் கறுத்து வந்தது. வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ், ஒரு போட்டோ. மூலத்தை ஜெராக்ஸோடு சேர்த்துச் சாதாரணக் காகித உறையில் வையுங்கள். பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகமுறை. கேட்டு வாங்குவது நம் உரிமை, கெஞ்சல் அல்ல.

மூன்றாவது கட்டம், முடியும் தேதி. பலரும் இதை ஒரே கட்டமாகப் போடுகிறார்கள். நான் இரண்டாகப் பிரித்திருக்கிறேன். காரணம் கேளுங்கள். அந்த ஃப்ரிட்ஜின் கதவில் பெரிய எழுத்தில் "10 வருட வாரண்டி" என்று ஒட்டியிருந்தது. அப்பா அதைச் சொல்லித்தான் போனில் சண்டை போட்டார். பத்து வருடம் என்பது கம்ப்ரசருக்கு மட்டும். முழு ஃப்ரிட்ஜுக்கும் ஒரே வருடம். வந்து பார்த்தவர், "கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு சார், குழாயில ஓட்டை விழுந்து கேஸ்தான் போயிருக்கு" என்றார். பத்து வருட வாரண்டி அங்கே ஒன்றும் செய்யவில்லை. கம்ப்ரசரே போயிருந்தாலும், முதல் வருடத்துக்குப் பிறகு பெரும்பாலும் கம்ப்ரசர் என்ற பாகத்துக்குத்தான் காசு வாங்க மாட்டார்கள். கேஸுக்கும் கூலிக்கும் வாங்குவார்கள். வாஷிங்மெஷினில் மோட்டாருக்கும் இதே கணக்குத்தான்.

ஆகவே அந்த ஃப்ரிட்ஜுக்கு என் நோட்டில் இப்படி இருந்திருக்கும்:

பொருள்: ஃப்ரிட்ஜ் (மாடல், சீரியல் நம்பர்)
வாங்கிய தேதி: 2.8.2023
பில்: 1187/23-24, கடை பெயர், பில் யார் பெயரில், எந்த போன் எண்ணில்
முழுப் பொருளுக்கு முடிவு: 1.8.2024
கம்ப்ரசருக்கு மட்டும் முடிவு: 1.8.2033
கடைசிப் பார்வை: 1.7.2024
சர்வீஸ்: அட்டையில் உள்ள எண், எந்த ஊர் மையம்
புகார்கள்: தேதி, புகார் எண்

முடியும் தேதி 2.8.2024 அல்ல, 1.8.2024 என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு நாளில் மாட்டிக்கொள்வோரும் உண்டு. 'கடைசிப் பார்வை' என்பது நானாகச் சேர்த்த கட்டம். முழு வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது பொருளைச் சோதிக்கும் நாள். ஐஸ் பிடிக்கிறதா, கதவு ரப்பர் ஒட்டுகிறதா, மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மெதுவாகக் கேஸ் கசியும் ஃப்ரிட்ஜ் ஒரே நாளில் நிற்காது. முதலில் குளிர் குறையும், மோட்டார் ஓய்வில்லாமல் ஓடும், பிறகுதான் ஒன்றுமே குளிராமல் போகும். ஜூலை முதல் தேதி யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் அந்த வீட்டுக்கு 4,600 ரூபாய் மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு.

நான்காவது கட்டம், சர்வீஸ் தொடர்பு. எனக்கு உண்மையான கோபம் இங்கேதான். வாரண்டி அட்டையின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற ஆங்கில எழுத்தில் ஒரு வரி பல கம்பெனிகளில் இருக்கும். சர்வீஸ் மையம் உள்ள நகராட்சி எல்லைக்கு வெளியே பொருள் இருந்தால், வாடிக்கையாளர் அதைத் தன் செலவில் மையத்துக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது ஆள் வந்துபோகும் செலவைத் தரவேண்டும் என்று. வாரண்டி நடப்பில் இருக்கும்போதும் இது பொருந்தும். கள்ளக்குறிச்சி நகரத்துக்குள் இருப்பவருக்கு இலவசமாக வரும் ஆள், கல்வராயன் மலைக்காரருக்குக் காசு கேட்பார். விலையில் மலைக்காரருக்கு ஒரு பைசா குறைவு உண்டா? வரியில் குறைவு உண்டா? ஒரே விலை கொடுத்தவருக்கு அரை வாரண்டி. அவர் படிக்க முடியாத மொழியில், படிக்க முடியாத அளவில் அந்த வரியை அச்சிட்டுவிட்டு, "அட்டையிலே சொல்லியிருக்கிறோமே" என்பது வணிகம் அல்ல, தந்திரம்.

அதனால் சர்வீஸ் கட்டத்தைப் பொருள் வாங்கும் முன்பே நிரப்புங்கள் என்கிறேன். கடையில் நிற்கும்போதே கேளுங்கள்: மையம் எந்த ஊரில்? எங்கள் ஊருக்கு ஆள் வருவாரா? வாரண்டிக்குள் வந்தால் எவ்வளவு வாங்குவார்? "வருவாங்க சார்" என்ற வாய்ப்பதில் போதாது. இருபது ரூபாய் பேனாவால் பில்லின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே உங்களுக்கு விடை. "கடைக்காரர் தெரிஞ்சவர்" என்ற உறவுக்கும் இதுதான் பதில். தெரிந்தவர் என்றால் எழுதிக் கொடுப்பதில் அவருக்கு என்ன கஷ்டம்?

எண்ணை முன்கூட்டியே எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பழுதான பிறகு பதற்றத்தில் போனில் கம்பெனி பெயரைப் போட்டு 'கஸ்டமர் கேர்' என்று தேடுகிறோம். அங்கே மோசடிக்காரர்கள் தங்கள் எண்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். "பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டுங்க, இந்த லிங்க்கைத் தொடுங்க, இந்த ஆப்பை இறக்குங்க" என்பார்கள். பத்து ரூபாயில் தொடங்கி வங்கிக் கணக்கு காலியாகும். ஆகவே எண்ணை வாரண்டி அட்டையில் இருந்தோ பொருளில் ஒட்டிய தாளில் இருந்தோ மட்டும் எடுத்து எழுதுங்கள். யாராவது ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கடைசிக் கட்டம் புகார் எண். இதை யாருமே எழுதுவதில்லை. "போன் பண்ணினேன், வர்றேன்னு சொன்னாங்க" என்பது சாட்சியம் ஆகாது. வாரண்டிக்குள் நீங்கள் புகார் பதிந்த தேதிதான் கணக்கு, ஆள் வந்து பார்த்த தேதி அல்ல. ஜூலை 24 அன்றே ஒரு புகார் எண் வாங்கியிருந்தால், ஆள் ஆகஸ்ட் 20-இல் வந்திருந்தாலும் அது வாரண்டிப் பழுதுதான். இழுத்தடித்து நாள் கடத்துவது சில இடங்களில் நடக்கும் வித்தை. அதற்கு எதிரான ஒரே ஆயுதம் தேதியும் எண்ணும். அப்படியும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கோ கம்பெனி இருக்கும் ஊருக்கோ போகவேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். அங்கே போனால் அவர்கள் கேட்கப்போவது என்ன? வாங்கிய தேதி, பில், வாரண்டி, எப்போது யாரிடம் புகார் சொன்னீர்கள். நீங்கள் சிரித்த என் நோட்டின் கட்டங்கள்தான்.

நோட்டு இருந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மின் அழுத்தம் ஏறி இறங்கிக் கருகினால், எலி வயரைக் கடித்தால், கண்ணாடித் தட்டு உடைந்தால் பொதுவாக வாரண்டியில் வராது. மலையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் ஸ்டெபிலைசருக்கும் நோட்டில் ஒரு வரி போடவேண்டும், அதற்கும் தனி வாரண்டி உண்டு. கிடைக்காததைக் கிடைக்க வைக்க நோட்டால் முடியாது. கிடைக்கவேண்டியதை நாலு நாளில் இழக்காமல் இருக்கத்தான் அது.

பள்ளிக்கூடத்தில் நாற்காலி, கடிகாரம், உலக உருண்டை என்று எது வாங்கினாலும் இருப்புப் பதிவேட்டில் தேதியும் பில் எண்ணும் ஏற்றாமல் வகுப்பறைக்குள் கொண்டுபோக மாட்டோம். தணிக்கைக்கு வருகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார். நாற்பது ரூபாய் உருண்டைக்கு இருந்த மரியாதை, வியர்வை சிந்திச் சேர்த்த முப்பதாயிரம் ரூபாய் ஃப்ரிட்ஜுக்கு நம் வீடுகளில் ஏன் இல்லை?

என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் கடைகளில் விற்பனையில் நிற்கிறீர்கள். சிலர் சர்வீஸ் மையங்களில் இருக்கிறீர்கள். இது உங்களுக்கும்தான். மலையில் இருந்து ஒருவர் வாங்க வரும்போது, "அண்ணே, உங்க ஊருக்கு ஆள் வந்தா இவ்வளவு ஆகும், பத்து வருஷம் கம்ப்ரசருக்கு மட்டும்தான்" என்று விற்கும் முன்பே தமிழில் சொல்லுங்கள். சொன்னால் விற்பனை போய்விடும் என்று முதலாளி கோபிப்பார், எனக்குத் தெரியும். சொல்லாமல் விற்பதற்கு நான் உங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரவில்லை.

மற்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து, இருக்கிற பில்களை எடுத்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதும்போது காணாமல் போன பில் எத்தனை, எஸ்டிமேட் தாள் எத்தனை, வெளுத்துப்போன தாள் எத்தனை என்று கீழே எண்ணிக்கை போடுங்கள். எண்ணிக்கை போட்ட பிறகும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்